அர்ச்சனையா, அபிஷேகமா, பிரசாதமா? கோயில் கவுண்டரில் சீட்டு வாங்கும் முன்

கோயிலுக்குள் நுழைந்ததும் ஓரமாக ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். மேலே கட்டண விவரப் பலகை. அர்ச்சனை, அஷ்டோத்திரம், சகஸ்ரநாமம், பால் அபிஷேகம், முழு அபிஷேகம், சிறப்பு தரிசனம், பிரசாதம் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரு தொகை போட்டிருக்கும். உங்கள் முறை வருகிறது. உள்ளே இருப்பவர் "என்ன வேணும்?" என்று கேட்கிறார். பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். அந்த அவசரத்தில் நம்மில் பலர் ஹோட்டல் விலைப்பட்டியலைப் பார்ப்பது போலத்தான் பலகையைப் பார்க்கிறோம். குறைந்த தொகை என்றால் சின்ன பூஜை, அதிகத் தொகை என்றால் பெரிய பூஜை என்று நினைத்து, கையில் இருக்கும் பணத்துக்குத் தகுந்ததைக் கேட்டுவிடுகிறோம்.

என் அத்தை அப்படித்தான் செய்தார். பேரனுக்குக் காய்ச்சல் பத்து நாள் விடாமல் அடித்தபோது, "முருகா, இவன் எழுந்து நடமாடினா உனக்குப் பால் அபிஷேகம் பண்றேன்" என்று வேண்டிக்கொண்டார். பையன் தேறியதும் மகனையும் பேரனையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி, இரண்டு மணி நேரம் பயணம் செய்து, அந்தக் கோயிலுக்குப் போனபோது மணி பதினொன்று. கவுண்டரில் பால் அபிஷேகத்துக்குச் சீட்டு கேட்டால், "காலை அபிஷேகம் முடிஞ்சிடுச்சும்மா, இனிமே சாயந்திரம்தான்" என்றார்கள். திரும்பும் பஸ்ஸில் மூன்று பேருக்கும் மதியமே இடம் பதிந்திருந்தது. வேறு வழியில்லாமல் ஒரு அர்ச்சனைச் சீட்டு வாங்கி, பேரன் பெயரைச் சொல்லி அர்ச்சனை செய்து, ஸ்டாலில் இரண்டு டப்பா பஞ்சாமிர்தமும் வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். செலவு அபிஷேகச் சீட்டை விட அதிகம்தான் ஆனது. ஆனாலும் "வேண்டுதல் பாக்கி இருக்கேடா" என்று ஆறு மாதம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அவர் தவறு பணத்தில் இல்லை. அர்ச்சனை, அபிஷேகம், பிரசாதம் என்ற மூன்றும் ஒரே பொருளின் சின்னது, நடுத்தரம், பெரியது அல்ல. அர்ச்சனை என்பது பெயர் சொல்வது. அபிஷேகம் என்பது குளிப்பாட்டுவது. பிரசாதம் என்பது பூஜையே அல்ல, பூஜை முடிந்து நம் கைக்குத் திரும்பி வருவது. இதைத் தெரிந்துகொண்டு போனால் ஜன்னல் முன்னால் தடுமாற வேண்டியதில்லை.

அர்ச்சனை: யார் பேருக்கு?

அர்ச்சனையில் இரண்டு பெயர்கள் சேர்கின்றன. ஒன்று சுவாமியின் பெயர், இன்னொன்று உங்கள் பெயர். முதலில் அர்ச்சகர் உங்கள் பெயரையும் நட்சத்திரத்தையும், சொன்னால் கோத்திரத்தையும் வைத்து, இன்னாருக்காக இந்த வழிபாடு என்று சொல்வார். இதற்குச் சங்கல்பம் என்று பெயர். அப்புறம் சுவாமியின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பூவையோ இலையையோ திருவடியில் இடுவார். சிவனுக்கு வில்வம், பெருமாளுக்குத் துளசி, பிள்ளையாருக்கு அருகம்புல், அம்பாளுக்குக் குங்குமம் என்று வழக்கம். முடிவில் கற்பூர ஆரத்தி.

பலகையில் அர்ச்சனைக்குக் கீழே வரும் மற்ற பெயர்கள் எல்லாம் சொல்லப்படும் பெயர்களின் எண்ணிக்கையைக் குறிப்பவைதான். அஷ்டோத்திரம் என்றால் 108 பெயர்கள். திரிசதி என்றால் 300. சகஸ்ரநாமம் என்றால் 1000 என்று கணக்கு. லட்சார்ச்சனை என்பது பல அர்ச்சகர்கள் சேர்ந்து பல நாள் நடத்துவது, அதற்குத் தனி அறிவிப்பு வரும். சாதாரண அர்ச்சனை இரண்டு மூன்று நிமிடத்தில் முடியும். சகஸ்ரநாமம் என்றால் அரை மணி நேரத்துக்குக் குறையாது. கைக்குழந்தையோடு வந்தவர்கள் இதை யோசித்துக் கேட்பது நல்லது.

அர்ச்சனையின் பெரிய வசதி, நடை திறந்திருக்கும் நேரத்தில் பெரும்பாலும் எப்போது போனாலும் செய்யலாம். அபிஷேகம், அலங்காரம், நைவேத்தியம் நடக்கும்போது திரை போட்டிருப்பார்கள், அப்போது மட்டும் காத்திருக்க வேண்டும்.

பலர் தடுமாறும் இடம் நட்சத்திரம். கவுண்டரிலோ சன்னதியிலோ "பேர், நட்சத்திரம்?" என்று கேட்டால் சிலர் பிறந்த தேதியைச் சொல்வார்கள், சிலர் ராசியைச் சொல்வார்கள். கேட்பது இருபத்தேழு நட்சத்திரங்களில் நீங்கள் பிறந்த நேரத்தில் சந்திரன் இருந்த நட்சத்திரம். ராசியைச் சொன்னால் அது தெரியாது, ஒரு ராசிக்குள் மூன்று நட்சத்திரங்கள் வரை வரும். நட்சத்திரத்தைச் சொன்னாலும் சில சமயம் ராசி தெரியாது. கார்த்திகை நட்சத்திரத்தின் முதல் பாதம் மேஷத்தில், மற்ற மூன்று பாதங்கள் ரிஷபத்தில். ஆகவே ஜாதகத்தின் முதல் பக்கத்தைப் பார்த்து, வீட்டில் உள்ளவர்களின் பெயர், நட்சத்திரம், ராசி, தெரிந்தால் கோத்திரம் எல்லாவற்றையும் கைபேசியில் ஒரு குறிப்பாக எழுதி வைத்துவிடுங்கள். சன்னதி முன்னால் நின்று ஊருக்குப் போன் போட்டு "அண்ணி, உங்க நட்சத்திரம் என்ன?" என்று கத்த வேண்டியிருக்காது. (நான் கத்தியிருக்கிறேன். மூலவருக்கே கேட்டிருக்கும்.)

நட்சத்திரம் தெரியவே தெரியாது என்றால்? கவலை வேண்டாம். "சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்று சொல்லுங்கள். இது காலம் காலமாக இருக்கும் வழக்கம். பலர் எல்லாம் தெரிந்திருந்தும் அப்படித்தான் சொல்வார்கள். கோத்திரம் தெரியாதவர்களுக்குச் சிவன் கோயிலில் சிவ கோத்திரம் என்று சொல்லி அர்ச்சகரே நடத்திவிடுவார்.

இன்னொரு விஷயம், சீட்டு வேறு, தட்டு வேறு. கோயில் வாசல் கடையில் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, பூ, கற்பூரம், ஊதுவத்தி வைத்து விற்பது அர்ச்சனைத் தட்டு. அந்தப் பணம் கடைக்காரருக்கு. கவுண்டரில் கட்டுவது கோயிலுக்கு. தட்டு வாங்கிவிட்டால் சீட்டு வேண்டாம் என்றோ, சீட்டு வாங்கினால் தட்டும் உள்ளே தருவார்கள் என்றோ நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. தட்டு இல்லாமல் கொஞ்சம் பூவோடு போனாலும் அர்ச்சனை நடக்கும். தேங்காய் உடைக்க வேண்டும் என்று விரும்பினால்தான் தட்டு. ஆரத்தித் தட்டில் போடும் காசு உங்கள் விருப்பம், அது கட்டணம் அல்ல.

தமிழில் அர்ச்சனை வேண்டும் என்றால் கேட்கலாம். இந்து சமய அறநிலையத் துறை 2021 ஆகஸ்டில் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் 'அன்னைத் தமிழில் அர்ச்சனை' திட்டத்தைத் தொடங்கியது. முதல் கட்டத்தில் 47 கோயில்கள். இந்தத் திட்டம் இருக்கும் கோயில்களில் பலகை வைத்திருப்பார்கள். அர்ச்சகரிடம் தட்டைக் கொடுக்கும்போதே "தமிழ்ல பண்ணுங்க சாமி" என்று சொல்லிவிட வேண்டும், பாதியில் சொன்னால் அவருக்கும் சங்கடம். ஒவ்வொரு பெயரும் 'நமஹ' என்று முடிவதற்குப் பதில் 'போற்றி' என்று முடிவதை வைத்து நீங்களே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

சிறப்பு தரிசனச் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அது வரிசையைச் சுருக்குவதற்கான சீட்டு. அதை நீட்டி "அர்ச்சனை பண்ணுங்க" என்று கேட்டால் நடக்காது. அர்ச்சனை வேண்டுமென்றால் அதையும் தனியாக வாங்க வேண்டும். கூட்டம் இல்லாத செவ்வாய்க்கிழமை மதியம் போய்ச் சிறப்பு தரிசனச் சீட்டு வாங்குவது என்னைக் கேட்டால் வீண்செலவு.

அபிஷேகம்: எந்த வேளை?

அபிஷேகம் என்றால் திருமேனியை நீராட்டுவது. பெருமாள் கோயிலில் இதே சொல் பலகையில் 'திருமஞ்சனம்' என்று இருக்கும். முழு அபிஷேகம் என்றால் நல்லெண்ணெயில் தொடங்கி, மாப்பொடி, மஞ்சள், பஞ்சாமிர்தம், பால், தயிர், தேன், பழச்சாறு, இளநீர், சந்தனம், விபூதி, பன்னீர் என்று ஒன்றன் பின் ஒன்றாகச் செல்லும். வரிசையும் பொருள்களும் கோயிலுக்குக் கோயில் கொஞ்சம் மாறும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் தண்ணீர் விட்டுக் கழுவுவார்கள். முடிந்ததும் திரை போட்டு, வஸ்திரம் சாத்தி, அலங்காரம் செய்து, நைவேத்தியம் வைத்து, அதன் பிறகு திரை விலகித் தீபாராதனை. ஆக, உட்கார்ந்தது முதல் எழுந்திருப்பது வரை ஒரு மணி நேரம், சில இடங்களில் அதற்கு மேலும் ஆகும்.

இதிலிருந்தே தெரியும், அர்ச்சனை போல நினைத்த நேரத்தில் இதைச் செய்ய முடியாது. கோயிலில் ஒரு நாளைக்கு இத்தனை காலப் பூஜை என்று முறை உண்டு. காலைசந்தி, உச்சிக்காலம், சாயரட்சை, அர்த்தசாமம் என்ற பெயர்களைப் பலகையில் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலப் பூஜையின் ஒரு பகுதிதான் அபிஷேகம். காலைசந்தி அபிஷேகம் முடிந்து அலங்காரம் ஆகிவிட்டால், உங்கள் சீட்டுக்காக அலங்காரத்தைக் கலைத்து இன்னொரு முறை நீராட்ட மாட்டார்கள். அத்தைக்கு நடந்தது இதுதான். கவுண்டரில் இருந்தவர் மறுத்ததில் தவறு இல்லை. ஆனால் பலகையில் தொகைக்குப் பக்கத்தில் நேரத்தையும் எழுதியிருந்தால் எத்தனையோ பேருக்கு அலைச்சல் மிச்சமாகும்.

வேளை மட்டும் அல்ல, சுவாமியும் முக்கியம். எல்லாத் திருமேனிக்கும் அபிஷேகம் உண்டு என்று நினைக்க வேண்டாம். ஸ்ரீரங்கத்தில் மூலவர் பெரிய பெருமாள் சுதையால் ஆன திருமேனி. நீரும் பாலும் ஊற்றினால் சுதை தாங்காது. அதனால் அவருக்குத் தைலக்காப்புதான், திருமஞ்சனம் உற்சவருக்கு. சிவன் கோயில்களில் நடராஜருக்கு ஆண்டுக்கு ஆறு முறைதான் அபிஷேகம் என்பது மரபு. சித்திரை ஓணம், ஆனி உத்திரம், மார்கழித் திருவாதிரை ஆகிய மூன்று நட்சத்திர நாள்களும், ஆவணி, புரட்டாசி, மாசி மாதங்களின் சதுர்த்தசித் திதிகளும் அந்த ஆறு. "நடராஜருக்கு ஒரு அபிஷேகம்" என்று சாதாரண நாளில் கேட்டால் கிடைக்காததற்குக் காரணம் இதுதான். பழனியில் மூலவர் நவபாஷாணத் திருமேனி என்று போற்றப்படுபவர். அங்கே அபிஷேகத்துக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. ஆகவே எந்தக் கோயில் என்பதோடு, எந்தச் சன்னதியில், மூலவருக்கா உற்சவருக்கா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

'பால் அபிஷேகம்' என்று சீட்டில் அச்சிட்டிருந்தால் அதன் பொருள் என்ன என்பதும் கோயிலுக்குக் கோயில் வேறுபடும். சில இடங்களில் கோயிலே பால் வாங்கி ஊற்றும். சில இடங்களில் நீங்கள் பால் கொண்டுவர வேண்டும், சீட்டு அதை உள்ளே எடுத்துக்கொள்வதற்கான கட்டணம். அப்படிக் கொண்டுபோகும் பால் காய்ச்சாத பாலாக இருக்கட்டும். காய்ச்சி ஆறிய பாலை பாட்டிலில் எடுத்துப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன், அர்ச்சகர் வாங்க மறுத்துவிட்டார். ஒரே வேளையில் பத்துக் குடும்பங்கள் சீட்டு வாங்கியிருந்தால் பத்துப் பேருடைய பாலும் ஒரே அபிஷேகத்தில் சேரும், சங்கல்பத்தில் பத்துப் பெயர்களும் வரும். தனக்காகத் தனி அபிஷேகம் என்று எதிர்பார்த்து வந்தவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். தனியாக வேண்டுமென்றால், உபயம் அல்லது கட்டளை என்று அலுவலகத்தில் கேட்க வேண்டும். அதற்குத் தொகையும் அதிகம், நாளும் முன்னதாகவே குறிக்க வேண்டும்.

சீட்டே வாங்காமல் அபிஷேகத்தில் கலந்துகொள்ள ஒரு வழி உண்டு. பிரதோஷம். மாதத்தில் இரண்டு முறை, வளர்பிறையிலும் தேய்பிறையிலும் திரயோதசி அன்று, மாலை நாலரை மணி முதல் ஆறு மணிக்குள் சிவன் கோயில்களில் நந்திக்கும் சுவாமிக்கும் அபிஷேகம் நடக்கும். பலர் ஒரு பாக்கெட் பாலோ இளநீரோ கொண்டுவந்து கொடுத்துவிட்டு உட்கார்ந்து பார்ப்பார்கள். அபிஷேகம் என்றால் என்னவென்று குழந்தைகளுக்குக் காட்ட வேண்டுமென்றால், முதலில் இதற்குக் கூட்டிப் போகலாம்.

பிரசாதம்: எது கொடுப்பது, எது விற்பது?

சுவாமி முன்னால் வைக்கும் வரை அது நைவேத்தியம். வைத்து எடுத்து நம் கைக்கு வந்த பிறகு அது பிரசாதம். அர்ச்சனை முடிந்து தட்டில் திரும்பி வரும் தேங்காய் மூடி, பழம், பூ, விபூதி, குங்குமம் எல்லாம் பிரசாதம்தான். பெருமாள் கோயிலில் தீர்த்தமும் துளசியும். அதாவது அர்ச்சனையோ அபிஷேகமோ செய்தவர் பிரசாதத்துக்கென்று தனியாகச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. அர்ச்சனையே செய்யாமல் சும்மா கும்பிட்டு வந்தவருக்கும் விபூதியோ குங்குமமோ கிடைக்கும், அதற்குக் கட்டணம் கிடையாது.

அப்படியானால் பலகையில் 'பிரசாதம்' என்று எழுதி ஸ்டாலில் விற்பது என்ன? புளியோதரை, வடை, முறுக்கு, அதிரசம், லட்டு, பஞ்சாமிர்தம். சில கோயில்களில் நிர்வாகமே செய்து விற்கிறது, சில கோயில்களில் ஸ்டாலை ஏலத்தில் எடுத்தவர் நடத்துகிறார். வீட்டுக்கு, அக்கம் பக்கத்துக்கு, அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்க இது வேண்டியிருக்கிறது. வாங்குவதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதை வாங்கியது வழிபாடு செய்ததாகக் கணக்கு ஆகாது. பெயர் சொல்லி அர்ச்சனையும் இல்லை, நேர்ந்துகொண்ட அபிஷேகமும் இல்லை.

பழனிப் பஞ்சாமிர்தத்தை எடுத்துக்கொள்வோம். மலை வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய், அதோடு பேரீச்சம்பழமும் கற்கண்டும். தண்ணீர் ஒரு சொட்டும் சேர்ப்பதில்லை, அதனால்தான் குளிர்பெட்டி இல்லாமலே சில நாள் தாங்குகிறது. 2019-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. டப்பாவில் அடைத்து விற்கும் இந்தப் பஞ்சாமிர்தம் தேவஸ்தானம் மொத்தமாகத் தயாரிப்பது. மூலவர்மேல் சாத்தி வழித்து எடுத்தது என்று நினைத்து வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயாரித்த தேதியும் எத்தனை நாளுக்குள் சாப்பிட வேண்டும் என்பதும் டப்பாவில் இருக்கும், வாங்கும்போதே பார்த்துவிடுங்கள். கோயில் ஸ்டாலுக்கு வெளியே தெருக்கடைகளிலும் இதே பெயரில் டப்பாக்கள் கிடைக்கும். தேவஸ்தானத்தின் தயாரிப்பா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஒரு துளி நாவில் வைத்துவிட்டு மற்றவர்களுக்குக் கொடுத்துவிடலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அபிஷேகமே பிரசாதமாக மாறும் ஒரு நாளும் உண்டு. ஐப்பசிப் பௌர்ணமியில் சிவன் கோயில்களில் அன்னாபிஷேகம். வடித்த சோற்றால் லிங்கத் திருமேனியை மூடுவார்கள். பிறகு அந்த அன்னத்தில் ஒரு பகுதியை நீர்நிலையில் கரைத்துவிட்டு, மீதியைப் பக்தர்களுக்குக் கொடுப்பார்கள். அதற்கு அரிசி கொடுக்க விரும்புகிறவர்கள் சில நாள் முன்னதாகவே கோயிலில் சொல்லிவைப்பது வழக்கம்.

மதிய அன்னதானம் வேறு. அது இலவசச் சாப்பாடு. பல கோயில்களில் டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். ஸ்டாலில் போய்க் கேட்டால் கிடைக்காது.

கைபேசியில் பதிவு செய்யும்போது

அறநிலையத் துறையின் இணையதளம் hrce.tn.gov.in. பெரிய கோயில்களுக்குத் தனித்தனிப் பக்கங்கள் உண்டு, அவற்றின் முகவரியும் hrce.tn.gov.in என்றே முடியும். தேடுபொறியில் கோயில் பெயரைப் போட்டால் முதலில் வருவது தனியார் தளமாக இருக்கலாம். "வீட்டிலிருந்தே அர்ச்சனை, பிரசாதம் கூரியரில்" என்று பல மடங்கு தொகை கேட்கும் தளங்கள் அதில் கலந்திருக்கும். முகவரியின் கடைசிப் பகுதியைப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.

எல்லாக் கோயிலிலும் எல்லா சேவையும் இணையத்தில் இருக்காது. உங்கள் கோயிலைத் தேர்ந்தெடுத்ததும் வரும் பட்டியலில் நீங்கள் தேடுவது இல்லையென்றால், கோயில் அலுவலகத்துக்குப் போன் செய்வதுதான் வழி. பட்டியலில் இருந்தால், தேதியைப் போடும் முன் வேளையைப் பாருங்கள். காலையா மாலையா என்பதைக் கவனிக்காமல் அவசரத்தில் பணம் கட்டிவிட்டு, பிறகு மாற்ற முடியுமா என்று அலைகிறவர்கள் நிறையப் பேர். பெயர் கேட்கும் இடத்தில் பணம் கட்டுகிறவர் பெயரைப் போடாமல், யாருக்காகச் செய்கிறீர்களோ அவர் பெயரையும் நட்சத்திரத்தையும் போடுங்கள். சன்னதியில் படிக்கப்போவது அதுதான்.

பணம் போய்விட்டது, சீட்டு வரவில்லை என்றால் உடனே இன்னொரு முறை கட்டாதீர்கள். குறுஞ்செய்தியையும் மின்னஞ்சலையும் பாருங்கள், வங்கிப் பரிவர்த்தனை எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சீட்டு வந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மலைக்கோயில்களிலும் கல் மண்டபங்களுக்குள்ளும் சிக்னல் இருக்காது, ஜன்னல் முன்னால் நின்றுகொண்டு திரையைத் தடவிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். இன்னும் ஒன்று: பல கோயில்களில் கைபேசியை உள்ளே விட மாட்டார்கள். அங்கே போகிறவர்கள் சீட்டை அச்செடுத்தே கொண்டுபோவது நல்லது.

அத்தையின் இரண்டாவது பயணம்

போன தடவை அத்தைக்கு என்ன தேவை என்று முதலிலேயே கேட்டிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். 'வேண்டிக்கிட்டது என்ன?' என்ற ஒரு கேள்வி போதும். பிறந்தநாள், தேர்வு, புது வேலை, யாத்திரையில் ஒரு கும்பிடு, இவற்றுக்கெல்லாம் பெயர் சொல்லி ஒரு அர்ச்சனை போதும், அதற்கு மேல் செலவழிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வாயால் 'அபிஷேகம்' என்று நேர்ந்துகொண்டிருந்தால், அந்த மனசுக்கு அர்ச்சனை ஈடாகாது. ஊருக்குக் கொடுக்க வேண்டுமென்றால் ஸ்டாலுக்குப் போகலாம், அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

இந்த முறை நான் முந்தின வாரமே கோயிலுக்குப் போன் செய்தேன். "சாமி, முருகருக்குப் பால் அபிஷேகம் எத்தனை மணிக்கு? எப்போ வந்து சீட்டு வாங்கணும்? பால் நாங்க கொண்டுவரணுமா? எத்தனை பேர் உட்காரலாம்?" என்று கேட்டேன். காலை எட்டு மணிக்கு அபிஷேகம், ஏழரைக்குள் சீட்டு, பால் நீங்களே கொண்டுவாங்க, வீட்டுப் பேர் நாலு பேர் உட்காரலாம் என்று பதில் வந்தது. மொத்தம் ஒன்றரை நிமிடப் பேச்சு.

எட்டு மணிக்கு அங்கே இருக்க வேண்டுமென்றால் விடிகாலைப் பஸ் பிடிக்க வேண்டும், அத்தைக்கு முழங்கால் வலி. அதனால் முந்தின நாள் மாலையே போய், கோயில் பக்கத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கினோம். காலையில் பால் பூத்தில் இரண்டு லிட்டர் வாங்கி, வீட்டிலிருந்து கொண்டுபோன பித்தளைத் தூக்கில் ஊற்றிக்கொண்டோம். ஏழு இருபதுக்குக் கவுண்டர். "யார் பேருக்கு?" என்றார்கள். பேரன் பெயர், நட்சத்திரம் இரண்டையும் அத்தை கைபேசியைப் பார்த்துப் படித்தார். சீட்டைக் கையில் வாங்கியதும் அதில் இருந்த தேதி, சேவையின் பெயர், தொகை மூன்றையும் சரிபார்த்தோம். தவறாக அச்சானால் ஜன்னலை விட்டு நகரும் முன்னே சொன்னால்தான் மாற்றுவார்கள்.

எங்களோடு இன்னும் மூன்று குடும்பங்கள். எல்லோருடைய பாலும் ஒரே அபிஷேகத்தில் சேரும் என்று முன்பே சொல்லியிருந்ததால் அத்தைக்குக் குறை ஒன்றும் தோன்றவில்லை. பேரன் பெயர் சங்கல்பத்தில் வந்தபோது அவனைத் தட்டி "உன் பேருடா" என்றார். வேல் மேலிருந்து பால் வழிந்து இறங்கும்போது பையன் எழுந்து நின்று பார்த்தான். திரை போட்டு அலங்காரம் முடிந்து தீபாராதனை பார்க்கும்போது மணி ஒன்பது ஐந்து. அர்ச்சகர் ஒரு சின்னக் கிண்ணத்தில் அபிஷேகப் பாலும், இலையில் விபூதியும் சந்தனமும் கொடுத்தார். அபிஷேகப் பால் வெயிலில் சீக்கிரம் திரிந்துவிடும், ஊருக்கு எடுத்துப்போக முடியாது. அங்கேயே ஆளுக்கு ஒரு உத்தரணி குடித்தோம்.

ஸ்டால் பக்கம் அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போதுதான் நினைவு வந்து, "எதிர் வீட்டு சரசு அக்காவுக்கு ஒரு முறுக்குப் பொட்டலம் வாங்கிட்டு வாடா" என்று இருபது ரூபாயை எடுத்துக் கொடுத்தார்.